34 நாள், அதே 20 கிலோ

மேனேஜர் அவர்களுக்கு,

நேற்று காலை உங்கள் ஜிம் வாசலில் இருக்கும் அறிவிப்புப் பலகையில் என் படத்தைப் பார்த்தேன். 'மூன்றே மாதத்தில் மாற்றம்' என்ற தலைப்புக்குக் கீழே ஆறு பேர். மூன்றாவது ஆள் நான். நவம்பர் 4 அன்று 74.6 கிலோ, ஜனவரி 31 அன்று 73.2 கிலோ, குறைந்தது 1.4 கிலோ என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறது. என்னிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. குன்னூர் சின்ன ஊர். சாயங்காலத்துக்குள் நான்கு வாடிக்கையாளர்கள் கடைக்கு வந்து, 'என்னக்கா, இளைச்சிட்டீங்களாமே' என்று கேட்டுவிட்டார்கள். பலகையில் போட்டது எல்லோருக்கும் தெரிகிற மாதிரிதான் போட்டீர்கள். அதனால் பதிலையும் எல்லோரும் படிக்கிற மாதிரியே எழுதுகிறேன்.

அந்த 1.4 கிலோவை முதலில் முடித்துவிடுகிறேன். நீங்கள் ஒட்டியிருக்கும் முதல் நாள் படத்தை உற்றுப் பாருங்கள். மழைக்காலக் குளிரில் கம்பளி ஸ்வெட்டர், தலையில் மஃப்ளர், காலில் ஷூவோடு எடை மெஷின் மேல் நிற்கிறேன். ஜனவரி 31 அன்று ஸ்வெட்டரையும் மஃப்ளரையும் ஷூவையும் கழற்றச் சொல்லி ஏற்றினார்கள். நேற்று மதியம் என் கடைக்குப் பக்கத்துக் காய்கறிக் கடைத் தராசில் அந்த மூன்றையும் வைத்தேன். ஸ்வெட்டர் 620 கிராம், ஷூ ஜோடி 540, மஃப்ளர் 180. மொத்தம் 1,340 கிராம். ஆக, மூன்று மாதத்தில் நான் குறைந்தது 60 கிராம். காலையில் ஒரு டம்ளர் காபி குடிக்காமல் வந்திருந்தால் அதைவிட அதிகம் குறைந்திருக்கும்.

நான் தையற்கடைக்காரி. 22 வருஷமாக அளவு எடுப்பதுதான் என் பிழைப்பு. ஒரு பிளவுஸுக்குப் பத்து அளவு எடுத்து, தேதி போட்டு, நோட்டில் எழுதாமல் கத்தரியைத் தொட மாட்டேன். போன வருஷம் தைத்தவர் மறுபடி வந்தால் பழைய பக்கத்தைத் திருப்பி, எங்கே கூடியிருக்கிறது, எங்கே குறைந்திருக்கிறது என்று பார்ப்பேன். உங்கள் ஜிம்மில் சேர்ந்த அன்று ராத்திரி என்னையும் அப்படித்தான் அளந்து எழுதிக்கொண்டேன். இடுப்பு 37½ அங்குலம், மேற்கை 12¾, தொடை 23. ஜனவரி 31 ராத்திரி அதே டேப்பில், அதே இடங்களில் அளந்தேன். இடுப்பு 37½. மேற்கை 12¾. தொடை 23. கால் அங்குலம்கூட நகரவில்லை.

சரி, அளவு மாறாததற்கு நானும் காரணமாக இருக்கலாம், அதற்கு அப்புறம் வருகிறேன். நான் எதற்காகச் சேர்ந்தேன் என்பது உங்கள் ரெஜிஸ்டரில் எங்குமே இல்லை. அதை முதலில் சொல்ல வேண்டும்.

எங்கள் வீடு ரோட்டிலிருந்து 112 படி கீழே. காலையில் ஏற வேண்டும், ராத்திரி இறங்க வேண்டும், நடுவில் சாப்பாட்டுக்கு ஒரு தடவை போய் வர வேண்டும். ஏறும்போது மூச்சு வாங்கி இரண்டு இடத்தில் நிற்கிறேன். இறங்கும்போது வலது முட்டிக்குக் கீழ் சுள்ளென்று இழுக்கிறது. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் திரும்பித் திரும்பி இறங்குகிறேன். டாக்டரிடம் காட்டினேன். படம் எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்பில் பெரிதாக ஒன்றும் இல்லை, தொடைத் தசையில் பலம் இல்லை, நாள் முழுக்க மெஷின் முன்னால் உட்கார்ந்தே இருக்கிறீர்கள், பலம் ஏற்றுங்கள் என்றார். தீபாவளித் தையல் முடிந்த கையோடு உங்களிடம் வந்து இதைத்தான் சொன்னேன். தனிக் கவனிப்பு வேண்டும் என்று சொல்லி மூன்று மாதக் கட்டணம் 4,000 ரூபாயோடு மேலே 6,000 ரூபாய் கட்டினேன்.

முதல் நாள் என்னிடம் கேட்டது பெயர், போன் நம்பர், ரத்த குரூப், எந்த பேட்ச். அவ்வளவுதான். ரத்த அழுத்தம் உண்டா, சர்க்கரை உண்டா, நெஞ்சு வலி வந்திருக்கிறதா, தலை சுற்றுமா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று எதுவும் கேட்கவில்லை. நான் நாலு வருஷமாக பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவள். இது தெரியாமலே, காலால் எடையைத் தள்ளுகிற லெக் பிரஸ் மெஷினில் என்னை உட்கார வைத்தார்கள். மூச்சை அடக்கிக்கொண்டு முக்கினால் அந்த நேரத்தில் ரத்த அழுத்தம் குபீரென்று ஏறும். தள்ளும்போது மூச்சை வெளியே விட வேண்டும், திரும்பும்போது உள்ளே இழுக்க வேண்டும். இதை எனக்குச் சொன்னது உங்கள் பயிற்சியாளர் இல்லை. சேர்ந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆன பிறகு, பொங்கலுக்கு வந்த என் அக்கா மகன் சொன்னான். அவன் கோவையில் பிசியோதெரபிஸ்ட்டாக இருக்கிறான்.

வாரத்துக்கு மூன்று நாள் என்று மொத்தம் 38 நாள் வரவேண்டியதில் 34 நாள் வந்தேன். உங்கள் கைரேகை மெஷினிலேயே பார்த்துக்கொள்ளலாம். வராத நான்கில் இரண்டு நாள் நவம்பர் மழையில் மண் சரிந்து எங்கள் பக்கம் ரோடு அடைத்துக்கொண்டது. மற்ற இரண்டும் பொங்கல். காலை ஆறு மணிக்கு வாயைத் திறந்தால் புகை வருகிற டிசம்பர் குளிரிலும் ஷட்டர் திறக்குமுன் வந்து நின்றவள் நான். ஆர்வம் இல்லாத மெம்பர் என்று என்னைத் தள்ளிவிட முடியாது.

அந்த 34 நாளும் நடந்தது ஒன்றேதான். டிரெட்மில்லில் 25 நிமிஷம், சமதளத்தில், 4.5 வேகத்தில். தினமும் 112 படி ஏறி வருகிறவளுக்குச் சமதள நடை உடம்பைச் சூடாக்க மட்டும் உதவும், அதற்கு எட்டு, பத்து நிமிஷம் போதும். அப்புறம் மேலே இருக்கும் கம்பியைக் கீழே இழுக்கிற லாட் புல்டவுனில் 20 கிலோ, 12 தடவை, மூன்று செட். லெக் பிரஸ்ஸில் 40 கிலோ, 12 தடவை, மூன்று செட். இரண்டு கிலோ டம்பெல்லில் கைக்கு இரண்டு விதம். கடைசியில் படுத்துக்கொண்டு வயிற்றுப் பயிற்சி. நவம்பர் 4-ல் லாட் புல்டவுனில் எடையை மாற்றுகிற பின் எந்தத் தட்டில் செருகியிருந்ததோ, ஜனவரி 31-லும் அதே தட்டில்தான் செருகினேன். எல்லாமே என் நோட்டில் தேதியோடு இருக்கிறது. உங்கள் பக்கம் எந்த நோட்டும் இல்லை. கேட்டபோது பயிற்சியாளர், 'எல்லாம் மனசுல இருக்குக்கா' என்றார். ஒரே நேரத்தில் 19 பேருடைய கணக்கை மனசில் வைத்திருக்க யாராலும் முடியாது. நான் ஆறு ஜாக்கெட் அளவையே மனசில் வைத்திருக்க மாட்டேன்.

பொங்கலன்று அக்கா மகன் அந்த நோட்டைப் புரட்டினான். 'சித்தி, 12 முடிச்ச பிறகு இன்னும் எத்தனை இழுக்க முடியும்னு என்னைக்காவது பார்த்தீங்களா?' என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. 12 வந்தால் நிறுத்து என்றார்கள், நிறுத்தினேன். 'போய்ப் பாருங்க. உடம்பை ஆட்டாம, சரியா இழுத்து, இனி முடியாதுன்னு வர்ற வரைக்கும் எண்ணுங்க' என்றான். பொங்கல் முடிந்து போன முதல் நாளே பார்த்தேன். 20 கிலோவில் 23 தடவை இழுத்தேன். லெக் பிரஸ்ஸில் 40 கிலோவை 31 தடவை தள்ளினேன், மூச்சைப் பிடிக்காமல்.

அவன் இதை விளக்கிய விதம் எனக்கு நன்றாகப் புரிந்தது, உங்களுக்கும் சொல்கிறேன். தசை பலப்பட வேண்டுமென்றால் ஒவ்வொரு செட்டும் முடியும்போது இன்னும் ஒன்றிரண்டு, மிஞ்சிப்போனால் மூன்று தடவைக்குத்தான் தெம்பு மிச்சம் இருக்க வேண்டும். எனக்கு லாட் புல்டவுனில் 11 தடவைக்குத் தெம்பு மிச்சம் இருந்திருக்கிறது. அதாவது பாதி வேலையோடு எழுந்து வந்திருக்கிறேன். 20 கிலோ குறைந்த எடை என்பதே குற்றமில்லையாம். குறைந்த எடையையும் முடியாத அளவுக்கு அருகில் வரை கொண்டுபோனால் தசை வளரும். முடியாத அளவுக்குக் கிட்டவே போகாமல் நிறுத்தினால் உடம்புக்கு மாற வேண்டிய தேவையே வராது. அதற்கு ஏற்கெனவே தெரிந்த வேலையை 34 தடவை திரும்பச் செய்தது, அவ்வளவுதான்.

எப்படி நடந்திருக்க வேண்டும் என்றும் கேட்டேன். பெரிய வித்தை எதுவும் இல்லை. ஒரு மெஷினில் எட்டு முதல் பன்னிரண்டு தடவை என்று ஒரு வரம்பு வைத்துக்கொள்ள வேண்டும். எட்டே கஷ்டப்பட்டு வருகிற எடையில் ஆரம்பிக்க வேண்டும். வாரா வாரம் ஒன்பது, பத்து என்று ஏறி, மூன்று செட்டிலும் 12 சுத்தமாக வந்த பிறகு பின்னை அடுத்த தட்டுக்கு மாற்ற வேண்டும். எண்ணிக்கை மறுபடி எட்டுக்கு இறங்கும். மறுபடி ஏற வேண்டும். உங்கள் மெஷினில் ஒரு தட்டு ஐந்து கிலோ. 20-லிருந்து 25 என்பது என்னைப் போன்றவளுக்குப் பெரிய தாவல், கால் பங்கு கூடுகிறது. அதனால் 12-ல் மாற்றாமல் 15 வரை போய்விட்டு மாற்றலாம். இல்லையென்றால் இரண்டரை கிலோ சின்னத் தட்டு ஒன்றை மேலே வைத்துக்கொள்ளலாம். உங்கள் ஜிம்மிலேயே ஒரு மூலையில் அது தூசி படிந்து கிடக்கிறது. பொங்கலுக்கு அடுத்த வாரம் பயிற்சியாளர் போன் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் 25 கிலோ வைத்துப் பார்த்தேன். முதல் செட்டிலேயே 14 வந்தது. அப்படியென்றால் நவம்பர் கடைசியிலேயே நான் அங்கே இருந்திருக்க வேண்டும்.

முட்டி விஷயத்தை நினைத்தால்தான் எனக்கு அதிகம் கோபம் வருகிறது. முட்டி வலி என்று சொன்னதும், 'அப்ப கால் எக்சர்சைஸ் அதிகம் வேணாம்கா' என்று லெக் பிரஸ்ஸில் 40 கிலோவோடு நிறுத்திவிட்டார். மலையில் குடியிருப்பவளுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் சோதனை. இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் எடையைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். அந்தத் தாங்கலுக்குத்தான் பயிற்சி வேண்டும். அக்கா மகன் சொல்லித் தந்தது இது: தாழ்வான ஒரு பலகை மேல் ஒற்றைக் காலில் நின்று, மற்ற காலின் குதிகாலை மூன்று எண்ணிக்கொண்டே மெல்லத் தரைக்கு இறக்கி, தொட்டதும் மேலே வர வேண்டும். முட்டி உள்பக்கம் சாயக் கூடாது. பலகை உயரம் பத்து சென்டிமீட்டரில் ஆரம்பித்து, வலி கூடாமல் இருந்தால் பதினைந்து, அப்புறம் இருபது. எங்கள் வீட்டுப் படிகளை டேப் போட்டு அளந்தேன். ஒன்று ஆறே முக்கால் அங்குலம், ஒன்று ஒன்பதரை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு உயரம். ஒன்பதரை அங்குலப் படியில் இறங்க வேண்டியவளை மூன்று மாதம் சமதளத்தில் நடக்க விட்டிருக்கிறீர்கள். வீட்டில் ஒரு பழைய பலகையை வைத்து இரண்டு வாரமாகச் செய்கிறேன். இன்னும் கம்பியைப் பிடித்துத்தான் இறங்குகிறேன், ஆனால் பக்கவாட்டில் திரும்புவதில்லை.

ஜனவரி 20 அன்று இதையெல்லாம் பயிற்சியாளரிடம் கேட்டேன். 'வெயிட் ஏத்தினா கை ஆம்பளை மாதிரி ஆயிடும்கா' என்றார். மேற்கை 12¾ அங்குலத்திலேயே நிற்கிறவளிடம் இதைச் சொல்லியிருக்க வேண்டாம். 47 வயதில், வாரத்துக்கு மூன்று நாள் வந்து, யாருக்கும் தெரியாமல் ஒரு நாளில் அப்படி ஆகிவிட முடியாது. ஆக விரும்பி வருஷக்கணக்கில் உழைக்கிறவர்களுக்கே அது கஷ்டம். கூடவே 3,200 ரூபாய்க்கு ஒரு புரோட்டீன் டப்பா வாங்கச் சொன்னார். வேலையே செய்யாத தசைக்கு எதற்கு டப்பா என்று நான் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

அன்றே உங்களிடமும் வந்து சொன்னேன். 'பார்க்கலாம்மா' என்றீர்கள். 11 நாள் கழித்து பலகையில் என் படம் ஏறியது.

இப்போது என் பக்கத்துக் குறை. எடையும் இடுப்பும் குறையாததற்கு உங்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். கடையில் நாலு மணிக்கு வர்க்கியும் டீயும் வரும், நான் வேண்டாம் என்று சொன்னதில்லை. ராத்திரி ஒன்பதரைக்குச் சாப்பிடுகிறேன். ஜிம்முக்கு வந்தால் மட்டும் எடை குறைந்துவிடாது என்று எனக்குத் தெரியும். ஆனால் 12 என்பது 15 ஆகவில்லை, 20 கிலோ 25 ஆகவில்லை என்பது என் வர்க்கியால் வந்ததில்லை. புதிதாகச் சேர்கிறவருக்குத்தான் பலம் வேகமாகக் கூடும். முதல் சில வாரங்களில் தசை பெருக்காவிட்டாலும், இருக்கிற தசையைச் சேர்த்து வேலை வாங்க நரம்பு கற்றுக்கொள்ளும், அதிலேயே எடை ஏறும். எனக்கும் அது ஓரளவு நடந்திருக்கலாம், 23 தடவை வந்தது அதனாலும் இருக்கலாம். அதைக் கவனித்துப் பின்னை மாற்ற ஆள் இல்லை. தராசில் வருகிற எண்ணுக்கு நான் பொறுப்பு. மெஷினில் பின் செருகிய எண்ணுக்குப் பணம் வாங்கிக்கொண்ட நீங்கள் பொறுப்பு.

பயிற்சியாளர் தம்பி நல்ல பையன். அவனை வேலையை விட்டு அனுப்புங்கள் என்று நான் கேட்கவே இல்லை. ஆறு மணிக்கு ஷட்டர் திறப்பவன் அவன். தரை துடைப்பவன் அவன். பணம் வாங்கி ரசீது போடுபவன் அவன். ஜனவரி 27 அன்று எண்ணிப் பார்த்தேன்: ஆறு முதல் ஏழு வரை 19 மெம்பர், ஒரு பயிற்சியாளர், இடையில் நான்கு போன். அதில் மூன்று உங்களிடமிருந்து வந்தது. 60 நிமிஷத்தை 19 பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு மூன்று நிமிஷம் சொச்சம். அதில் தனிக் கவனிப்புக்கென்று என்னைப் போல் மேலே பணம் கட்டியவர்கள் ஏழு பேர். இந்தக் கணக்கைப் போட்டது அவன் இல்லை, நீங்கள். ஆனாலும் அழுத்தம் உண்டா என்று கேட்காததும், கை பெருத்துவிடும் என்று சொன்னதும், ஸ்வெட்டரோடு எடை போட்டதும் நேரம் இல்லாததால் வந்தவை இல்லை. அவை தெரியாததால் வந்தவை. அதனால்தான் அவனுடைய பயிற்சி முறையை யாராவது உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்கிறேன்.

எனக்கு வேண்டியவை இவை. இன்றைக்கே என் படத்தையும் அந்த 1.4 கிலோவையும் பலகையிலிருந்து எடுங்கள். மற்ற ஐந்து பேரையும் ஒரே மாதிரி உடையில், ஒரே நேரத்தில், வெறும் வயிற்றில் மறுபடி எடை போட்டுப் பார்க்காமல் அவர்கள் படத்தையும் விடாதீர்கள்.

பயிற்சியாளரை மதிப்பிட, உங்கள் ஜிம்முக்கு வெளியே இருந்து அனுபவமுள்ள மூத்த பயிற்சியாளரையோ பிசியோதெரபிஸ்டையோ கூப்பிடுங்கள். ஒரு வாரம் காலை பேட்ச்சில் நின்று பார்க்கட்டும். மூன்று மாதம் முடித்த மெம்பர்களில் பத்துப் பேரிடம், முதல் நாள் எந்த எடையில் ஆரம்பித்தீர்கள், இன்று எதில் இருக்கிறீர்கள் என்று கேட்கட்டும். எத்தனை பேர் என்னைப் போல் அதே தட்டில் நிற்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். அவர் என்ன சொன்னார் என்பதைப் பணம் கட்டுகிற எங்களுக்கும் எழுத்தில் காட்டுங்கள். தம்பிக்குக் கற்றுக்கொள்ள வேண்டியது இருந்தால், பயிற்சி வகுப்புக்கு உங்கள் செலவில் அனுப்புங்கள். அந்த நாட்களுக்குச் சம்பளம் பிடிக்காதீர்கள்.

ஒவ்வொரு மெம்பருக்கும் ஒரு அட்டை. எதற்காகச் சேர்ந்தார், என்ன நோய், என்ன மாத்திரை, எந்த மெஷினில் எத்தனை கிலோ, எத்தனை தடவை. இரண்டு ரூபாய் அட்டை, ஒரு பென்சில். பிரஷர், சர்க்கரை, நெஞ்சு வலி என்று சொல்பவர்களிடம் டாக்டரின் ஒப்புதலைக் கேட்டு வாங்கி அதோடு இணைத்து வையுங்கள். இது இல்லாமல் புதிதாக யாரையும் மெஷினில் உட்கார வைக்காதீர்கள்.

தனிக் கவனிப்புக்கென்று நான் கட்டிய 6,000 ரூபாய்க்கு எனக்குக் கவனிப்பு கிடைக்கவில்லை. பணத்தைத் திருப்பித் தாருங்கள், அல்லது அடுத்த மூன்று மாதம் அதே தொகைக்குச் சரியான திட்டத்தோடு பயிற்சி தாருங்கள். எது என்பதை நீங்களே முடிவு செய்யலாம். பிப்ரவரி 15-க்குள் எழுத்தில் பதில் வேண்டும். 'பார்க்கலாம்மா' என்பதைப் பதிலாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

அதுவரை நான் நிற்கப் போவதில்லை. திங்கள்கிழமை காலை ஆறு மணிக்கு வருவேன், லாட் புல்டவுனில் 25 கிலோவில் பின் செருகுவேன். டேப்பும் நோட்டும் நானே கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
ஆறு மணி பேட்ச் மெம்பர், தையற்கடைக்காரி
குன்னூர்
பிப்ரவரி 3